பாடசாலையில் தட்டம்மை: அறிவித்தல் வந்த பிறகு பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஒன்ராறியோவில் 2024 ஒக்டோபரில் தொடங்கிய தட்டம்மைப் பரவல் முடிய ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்தது. 2,300 பேருக்கு மேல் நோயாளிகளாகப் பதிவானார்கள். 2025 நவம்பரில் கனடா, தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியையும் இழந்தது. அதனால் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோரின் கைக்கும் கீழே உள்ளது போன்ற கடிதம் எப்போதும் வரலாம். இது மாதிரிக் கடிதம்தான், திகதிகளும் விளக்கத்துக்காகப் போட்டவை. ஆனால் கணக்கு உண்மையான கணக்கு.

*அன்பான பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,*
*எமது பாடசாலையில் ஒருவருக்குத் தட்டம்மை உறுதியாகியுள்ளது. ஏப்ரல் 13 திங்கள், 14 செவ்வாய் ஆகிய நாட்களில் பாடசாலையில் இருந்தவர்களுக்குத் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும். இரண்டு தட்டம்மைத் தடுப்பூசிகளுக்கும் பதிவு இல்லாத மாணவர்கள் ஏப்ரல் 18 முதல் மே 5 வரை பாடசாலைக்கு வரக்கூடாது. பிள்ளையின் தடுப்பூசி அட்டையை உடனே சரிபாருங்கள். காய்ச்சலோ, தோலில் படரும் தடிப்பான தழும்போ கண்டால் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்து, வைத்தியரை முதலில் தொலைபேசியில் அழையுங்கள்.*

இந்த ஐந்து வரிகளைப் பற்றித் தமிழில் பேசும் தாதிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இவை.

இது சின்னமுத்தா, கொப்புளிப்பானா?

சின்னமுத்து. தமிழ்நாட்டில் மணல்வாரி என்று சொல்வதும் இதைத்தான். கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, வேறு வைரஸ், வேறு ஊசி. “என் மகனுக்கு அம்மை ஏற்கெனவே வந்துவிட்டது, இனி வராது” என்று பலர் சொல்கிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் வந்தது கொப்புளிப்பானாக இருக்கும். அது தட்டம்மையிலிருந்து காப்பாற்றாது.

அந்தப் பிள்ளை இரண்டு நாள்தானே வந்தது? என் மகனை ஏன் மே 5 வரை மறிக்கிறார்கள்?

அந்தப் பிள்ளைக்கு ஏப்ரல் 16 வியாழக்கிழமை உடம்பில் தழும்பு தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். தட்டம்மை தழும்புக்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்வரை தொற்றும். அதாவது ஏப்ரல் 12 முதல் 20 வரை. 15ஆம் திகதி காய்ச்சலோடு வீட்டில் நின்றுவிட்டதால், பாடசாலையில் தொற்றக்கூடிய நாட்கள் 13ம் 14ம் மட்டும்தான். அப்போது அது வெறும் தடிமன், இருமல் மாதிரித்தான் இருந்திருக்கும். ஆசிரியரையோ தாயையோ குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

இனி உங்கள் மகன். அவனுக்குத் தொற்றியிருந்தால் உடனே தெரியாது. வழக்கமாகப் பத்து நாள் அளவில் காய்ச்சலும், பதினான்கு நாள் அளவில் தழும்பும் வரும். சிலருக்கு 21 நாள்வரை இழுக்கும். ஆகவே கடைசியாகத் தொற்று நேர்ந்திருக்கக்கூடிய 14ஆம் திகதியோடு 21ஐக் கூட்டுகிறார்கள். அதுதான் மே 5. தொடக்கத்தை, முதன்முதலில் தொற்று நேர்ந்திருக்கக்கூடிய 13ஆம் திகதியிலிருந்து ஐந்தாம் நாளாக வைக்கிறார்கள். அது ஏப்ரல் 18. அதற்கு முன் அவன் மற்றவருக்குப் பரப்பும் நிலைக்கு வர வாய்ப்பில்லை என்பதே காரணம். சனி ஞாயிறைக் கழித்தால் அவன் இழப்பது 12 பாடசாலை நாட்கள். மே 6 புதன்கிழமை திரும்பலாம். இடையில் இன்னொரு பிள்ளைக்கு நோய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். அதுதான் பெற்றோருக்கு மிகவும் எரிச்சல் தருவது.

சனி ஞாயிறையும் சேர்த்து அந்த 18 நாளும் ரியூஷன், நீச்சல் வகுப்பு, கோயில், பிறந்தநாள் விழா எதுவும் இல்லை. பாடசாலைக்கு விடாமல் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டால் மறித்ததில் பயனே இல்லை. ஊசிகள் சரியாகப் போட்ட அக்கா, அண்ணா வழக்கம்போலப் போகலாம்.

ஒரே வகுப்பில்கூட இல்லை, எப்படித் தொற்றும்?

தும்மலில் தெறிக்கும் துளி மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. தட்டம்மை வைரஸ் காற்றிலேயே மிதக்கும். நோயுள்ளவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அங்கே இருக்கும். மதியச் சாப்பாட்டு மண்டபம், நூலகம், பாடசாலை பஸ் எல்லாம் கணக்கில் வரும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அந்தக் காற்றைச் சுவாசித்தால் ஒன்பது பேருக்கு நோய் வரும்.

எங்க பொண்ணுக்கு இந்தியாவுல ரெண்டு ஊசியும் போட்டாச்சு, கார்டும் இருக்கு. அப்புறமும் ஏன் அவளுக்கு லெட்டர்?

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த குடும்பங்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

ஒன்ராறியோவில் எத்தனை ஊசி என்று மட்டும் பார்ப்பதில்லை, எந்தத் திகதியில் என்றும் பார்க்கிறார்கள். முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசி கணக்கில் வராது. இந்தியாவின் அரசுத் திட்டத்தில் முதல் ஊசி 9 முதல் 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். ஆகவே கார்டில் இரண்டு இருந்தும் இங்கே ஒன்றுதான்.

ஒரு உதாரணம். திருச்சியில் 2018 ஏப்ரல் 10 பிறந்த சிறுமி, இப்போது இரண்டாம் வகுப்பு. கார்டில் 2019 ஜனவரி 10 எம்.ஆர். ஊசி, 2019 செப்டம்பர் 12 இன்னொரு எம்.ஆர். ஊசி. முதலாவது போட்டபோது வயது சரியாக 9 மாதம், அதனால் தள்ளுபடி. இரண்டாவது 17 மாதத்தில், அது செல்லும். தட்டம்மைக்கு ஒன்று குறைகிறது. அதோடு எம்.ஆர். என்பது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டுமான ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. ஒன்ராறியோ சட்டம் அதற்கும் இரண்டு கேட்கிறது. ஆகவே இப்போது மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி ஒன்று, குறைந்தது நான்கு வாரம் கழித்து இன்னொரு எம்.எம்.ஆர். முதலாவது போட்டவுடனேயே தட்டம்மைக் கணக்கு முடிந்துவிடும். இரண்டாவது பொன்னுக்கு வீங்கிக்காக.

தனியார் மருத்துவரிடம் போட்ட குழந்தைகளுக்கு நிலைமை வேறாக இருக்கலாம். அங்கே பலர் 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று எம்.எம்.ஆர். போடுவார்கள். 9 மாதத்தைக் கழித்தாலும் இரண்டு நிற்கும். கார்டில் எம்.ஆர். என்றிருக்கிறதா, எம்.எம்.ஆர். என்றிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

இலங்கை அட்டையிலும் இதே கதைதானா?

பெரும்பாலும். இலங்கையில் எம்.எம்.ஆர். 9 மாதத்திலும் 3 வயதிலும். 3 வயது ஊசி செல்லும், 9 மாத ஊசி செல்லாது. எம்.எம்.ஆர். என்பதால் கூகைக்கட்டுக்கும், அதாவது பொன்னுக்கு வீங்கிக்கும், அதே கணக்குத்தான். இங்கே இன்னும் ஒன்று போட்டால் இரண்டும் முடிந்துவிடும். இடையில் சில வருடங்கள் முதல் ஊசியை ஒரு வயதில் போட்டார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் அட்டை அப்படியே சரியாக இருக்கும். ஆகவே ஊகிக்காமல் திகதியைப் பாருங்கள்.

அப்படியென்றால் ஊரில் பிழையான வயதில் போட்டார்களா?

இல்லை. தாயின் இரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்பொருட்கள் பிள்ளையிடம் சில மாதங்கள் இருக்கும். அவை நோயையும் தடுக்கும், ஊசியில் உள்ள வலுவிழந்த வைரஸையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். 9 மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதப் பிள்ளைகளுக்குத்தான் அது பலன் தரும். ஒரு வயதுக்குப் பிறகு போட்டால் ஒரு ஊசிக்கே 93 சதவீதம் அளவில் பாதுகாப்பு, இரண்டுக்கு 97. நோய் நிறையச் சுற்றும் நாட்டில் ஒரு வயதுவரை காத்திருந்தால் அதற்கு முன்பே பிள்ளைக்கு நோய் வந்துவிடலாம். அதனால் கொஞ்சம் பலன் குறைந்தாலும் முந்திப் போடுகிறார்கள். அந்த நாட்டுக்கு அதுதான் சரி. கனடா பல வருடங்களாக நோய் அரிதான நாடாக இருந்ததால் 12 மாதம் பொறுக்க முடிந்தது.

கூடுதலாக ஒரு ஊசி போட்டால் கெடுதி இல்லை. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தால் அது ஊசி வைரஸை அழித்துவிடும், அவ்வளவுதான். அட்டை தொலைந்தவர்களுக்கும் இதே பதில். ஊரில் மாமாவை வைத்தியசாலைக்கு அனுப்பிப் பழைய பதிவைத் தேடுவதைவிட இங்கே மீண்டும் போடுவது விரைவு.

கடிதம் வெள்ளி பின்னேரம் வந்தது. இன்றைக்கே ஊசி போட்டால் திங்கள் விடலாமா?

தொற்று நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் போட்டால் ஊசி நோயை முந்திவிடக்கூடும். மேலே உள்ள கணக்கில் முதல் தொற்று 13ஆம் திகதி காலை, ஆகவே அந்த நேரம் 16ஆம் திகதி காலையே முடிந்துவிட்டது. கடிதம் வந்தது 17. தழும்பு வந்து, பரிசோதனை முடிவு வந்து, பாடசாலைக்குத் தகவல் போவதற்குள் 72 மணி நேரம் கடந்துவிடுவது வழக்கம்.

ஒரு ஊசியும் போடாத பிள்ளை அதன் பிறகு போட்டாலும் பெரும்பாலும் மே 5 வரை காத்திருக்க வேண்டிவரும். ஆனாலும் போடுங்கள். இந்தமுறை தொற்றாமல் தப்பியிருந்தால் அடுத்த நோயாளியிடமிருந்து காக்கும். செல்லுபடியான ஒரு ஊசி இருந்து, இரண்டாவதை இப்போது போடும் பிள்ளைகளை விரைவில் திரும்பவிடுவது உண்டு. முடிவு பொது சுகாதாரப் பிரிவின் மருத்துவ அதிகாரியுடையது, பாடசாலை அதிபருடையது அல்ல. அலுவலகத்தில் நின்று அதிபரோடு வாக்குவாதப்படுவதில் பயன் இல்லை. கடிதத்தில் உள்ள பொது சுகாதாரத் தொலைபேசி எண்ணை அழையுங்கள்.

குடும்ப வைத்தியரிடம் எல்லா ஊசியும் போட்டோம். பதிவு இல்லை என்கிறார்களே?

ஒன்ராறியோவில் வைத்தியர் போட்ட ஊசி பொது சுகாதாரப் பிரிவுக்குத் தானாகப் போவதில்லை. அறிவிக்க வேண்டியது பெற்றோர். இது தெரியாததால்தான் ஊசிகள் முழுமையாக உள்ள பிள்ளைகள்கூட வீட்டில் நிற்கிறார்கள். மஞ்சள் அட்டையைப் படம் எடுத்து, உங்கள் பகுதிக்கான ICON இணையப் பக்கத்தில் பதிவேற்றுங்கள். இந்திய, இலங்கை அட்டையையும் அதிலேயே அனுப்பலாம். திகதி தெளிவாகத் தெரிய வேண்டும். 03/04 என்று எழுதியிருந்தால் நாள் எது, மாதம் எது என்று ஒரு குறிப்பும் சேர்த்துவிடுங்கள். படத்தின் மூலையில் விரல் மறைத்ததால் திரும்பி வந்த பதிவுகளும் உண்டு.

மனச்சாட்சி விலக்குப் பத்திரம் கொடுத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைக்கு இது பொருந்தாதுதானே?

பொருந்தும். விலக்குப் பத்திரம், சாதாரண நாட்களில் ஊசி இல்லாமல் பாடசாலை போக அனுமதிக்கிறது. ஊசிப் பதிவும் இல்லாமல் பத்திரமும் இல்லாதவர்களை 20 பாடசாலை நாட்கள்வரை இடைநிறுத்தலாம். ஆனால் நோய் வந்த நேரத்தில் மறிப்பது வேறு உத்தரவு. வைரஸுக்குப் பத்திரம் வாசிக்கத் தெரியாது.

எங்கள் நிறத்துக்குத் தழும்பு சிவப்பாகத் தெரியுமா?

இணையத்தில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. தோலைவிடச் சற்றுக் கறுத்தோ, ஊதா சாயலோடோ இருக்கும். விரலால் தடவினால் மணல் தூவியது போல் சொரசொரப்பாக இருக்கும். தொடங்கும் இடத்தைப் பாருங்கள். காதுக்குப் பின்னால், மயிர் தொடங்கும் நெற்றி ஓரத்தில் வந்து, பிறகு முகம், கழுத்து, நெஞ்சு, கை கால் என்று மேலிருந்து கீழே இறங்கும். வயிற்றில் தொடங்கி, நீர் கோர்த்த கொப்புளமாக வந்தால் கொப்புளிப்பானை நினைக்கலாம்.

தழும்புக்கு மூன்று நான்கு நாள் முன்பே கடும் காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும் சிவந்த கண் வரும். ரோச் லைட் பிடித்துக் கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்ப்பல்லுக்கு எதிரே பாருங்கள். உப்புக்கல் அளவில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது தட்டம்மைக்கே உரிய அடையாளம். எல்லோருக்கும் தெரியாது, ஓரிரு நாளில் மறைந்தும்விடும்.

இன்னொரு குழப்பம்: எம்.எம்.ஆர். போட்டு ஐந்து முதல் பன்னிரண்டு நாளில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் மெல்லிய தழும்பும் வரும். அது ஊசியின் விளைவு, மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் தொற்று நேர்ந்த பிள்ளைக்கும் அதே நாட்களில்தான் நோயும் வரும் என்பதால் நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். பரிசோதனை செய்து பிரித்தறிய முடியும்.

சந்தேகம் வந்தால் எமேர்ஜென்சிக்குப் போகலாமா?

முதலில் தொலைபேசி. குடும்ப வைத்தியரையோ 811ஐயோ அழைத்து, “தட்டம்மை நோயாளியோடு ஒரே பாடசாலையில் இருந்த பிள்ளை, இப்போது காய்ச்சல்” என்று இதே சொற்களில் சொல்லுங்கள். தனி வழியால் வரச் சொல்வார்கள், அல்லது காரிலேயே காத்திருக்கச் சொல்வார்கள். முகக்கவசம் போட்டுக் கூட்டிப்போங்கள், பஸ்ஸில் வேண்டாம். மூச்சு வாங்கினால், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால், வலிப்பு வந்தால், நீரே இறங்காவிட்டால் 911. அப்போதும் தட்டம்மைச் சந்தேகம் என்பதைச் சொல்லுங்கள்.

தட்டம்மையைக் கொல்ல மருந்து இல்லை. காய்ச்சல் மருந்து, நிறைய நீராகாரம், கவனிப்பு. விட்டமின் ஏ வைத்தியர் சொன்ன அளவில் மட்டுமே. அது நோயைத் தடுக்காது, அளவு கூடினால் ஈரல் கெடும். தழும்பு தொடங்கி நான்கு நாள் முழுதும் கழிந்த பின், உடம்பும் தேறியிருந்தால் பாடசாலைக்கு விடலாம். ஏப்ரல் 16இல் தொடங்கியவர் 21இல் வரலாம்.

அம்மை போட்டால் மருந்து கொடுக்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார்.

வேப்பிலை வைக்கட்டும், வீட்டைச் சுத்தமாக வைத்து வெளியாட்களை விடாமல் இருக்கட்டும். அந்த வழக்கத்தில் தனிமைப்படுத்தல் இருக்கிறது, நல்லது. ஆனால் காய்ச்சல் மருந்தையும் வைத்தியரையும் தள்ளிப்போட முடியாது. பிள்ளையை ஆபத்தில் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் நியூமோனியா. பார்க்க வருகிறோம் என்று இளநீரோடு வரும் உறவினர்களை வாசலிலேயே திருப்பிவிடுங்கள்.

வீட்டில் 7 மாதக் குழந்தையும் இருக்கு, நான் கர்ப்பமாகவும் இருக்கேன்.

நாளைவரை பொறுக்காமல் இன்றே அழையுங்கள். தொற்று நேர்ந்திருந்தால், எதிர்ப்புச் சக்தி இல்லாத கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்பொருள் ஊசி உண்டு. ஆறு நாளுக்குள் போட வேண்டும். 13ஆம் திகதித் தொற்றுக்கு அது 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அது போட்டால் நோய் வெளிப்படும் காலம் 28 நாள்வரை நீளலாம், அடுத்த எம்.எம்.ஆரையும் பல மாதங்கள் தள்ளிப்போட வேண்டும்.

பாடசாலை போகும் மூத்த பிள்ளைக்கு ஊசிகள் சரியாக இருந்து, நோய்க்குறியும் இல்லையென்றால் நீங்கள் தொற்றுக்கு ஆளானவர் அல்ல. அவனுக்கு ஊசி இல்லையென்றால் அவனை இப்போதே குழந்தையிடமிருந்து விலக்கி வையுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது எம்.எம்.ஆர். போடுவதில்லை. எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். 2025 ஜூனில் ஒன்ராறியோவின் தலைமை மருத்துவ அதிகாரி அறிவித்த குழந்தையின் மரணம், ஊசி போடாத தாயிடமிருந்து வயிற்றிலேயே தொற்றிய குறைமாதக் குழந்தையினுடையது. அந்தக் குழந்தைக்கு வேறு மருத்துவச் சிக்கல்களும் இருந்தன.

ஊசியில் பன்றி இருக்கிறதாமே?

கனடாவில் இரண்டு வகை எம்.எம்.ஆர். உண்டு. எம்.எம்.ஆர். 2 என்பதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலற்றின் இருக்கிறது. பிரையோரிக்ஸ் என்பதில் இல்லை. முஸ்லிம் பெற்றோரும் சைவ உணவுக்காரரும் பதிவு செய்யும்போதே பிரையோரிக்ஸ் இருக்கிறதா என்று கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முட்டை ஒவ்வாமை இருந்தாலும் எம்.எம்.ஆர். போடலாம்.

ஓட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

1998இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்த கதை. வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவர் மருத்துவப் பதிவை இழந்தார். டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஆய்வில் தொடர்பு எதுவும் இல்லை.

யாருடைய பிள்ளை என்று சொன்னால் நாங்கள் கவனமாக இருப்போமே?

சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. பெயர் தெரிந்தாலும் உங்கள் பிள்ளையின் திகதிகள் மாறப்போவதில்லை.

விடுமுறைக்கு ஜூலையில் ஊருக்குப் போகிறோம். கடைசிப் பிள்ளைக்கு 8 மாதம் ஆகும்.

6 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பயணத்துக்காக ஒரு எம்.எம்.ஆர். முந்திப் போடலாம். புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டால் நல்லது. அந்த ஊசி இங்கே கணக்கில் வராது, ஒரு வயதுக்குப் பிறகு வழக்கமான இரண்டும் போட வேண்டும். நீங்கள் இருவரும் 1970இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் என்றால் உங்கள் அட்டையையும் அதே நாளில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஊசி குறைவாக இருந்தால் ஒன்ராறியோவில் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.